கண் காய்கிறதா, களைக்கிறதா?

கணினி முன் நாளெல்லாம் உட்காருபவர்கள் மாலையில் சொல்லும் குறை ஒன்றுதான்: “கண்ணு எரியுது, எழுத்து மங்குது.” இந்த ஒரே புலம்பலுக்குள் இரண்டு தனித்தனிக் காரணங்கள் இருக்கலாம். கண்ணின் மேற்பரப்பு காய்ந்துபோவது ஒன்று. கிட்டத்தில் உள்ளதைத் தெளிவாகக் காட்ட லென்ஸை வளைத்துப் பிடிக்கும் உள்தசை ஓய்வின்றி உழைப்பது மற்றொன்று.

எது உங்களுடையது என்று வீட்டிலேயே ஓரளவு கண்டுபிடிக்கலாம். எழுத்து மங்கும்போது கண்ணை நன்றாக மூன்று நான்கு முறை மூடித் திறங்கள். உடனே தெளிந்தால் பெரும்பாலும் காய்ச்சல்தான். திரையை விட்டுத் தலையைத் தூக்கி எதிர்ச்சுவர்க் கடிகாரத்தைப் பார்க்கும்போது, முள் சில நொடி மங்கலாகத் தெரிந்து மெல்லத் தெளிந்தால் களைத்திருப்பது தசை. இரண்டும் சேர்ந்திருப்பதும் உண்டு.

கண் காயக் காரணம், நாம் இமைக்க மறப்பது. பேசிக்கொண்டிருக்கும்போது நிமிடத்துக்கு ஏறத்தாழ 15 முறை இமைப்பவர், திரையைக் கூர்ந்து பார்க்கும்போது அதில் பாதிகூட இமைப்பதில்லை. ஒவ்வொரு இமைப்பும் கண்ணீரை மெல்லிய படலமாகப் பூசி, ஆவியாகாதபடி அதன்மேல் இமை ஓரச் சுரப்பிகளின் எண்ணெயைப் படரவிடுகிறது. அந்தப் படலம் பத்து நொடியோ சற்றுக் கூடுதலோதான் தாங்கும். பலருக்கு அதற்கு முன்பே கிழிந்துவிடும். அடுத்த இமைப்பு தாமதித்தால் எரிச்சல். இமைத்தாலும் மேல் இமை பாதி வழியிலேயே திரும்பிவிட்டால், கண்ணின் கீழ்ப்பகுதி காய்ந்தே கிடக்கும்.

திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் கணக்கு எழுதும் 43 வயதுக்காரர் ஒருவரைக் கற்பனை செய்துகொள்வோம். எக்செல் தாளை 80% அளவுக்குச் சுருக்கி வைத்திருக்கிறார். எண்கள் பொடியாக இருப்பதால் 40 சென்டிமீட்டர் தூரத்துக்குக் குனிகிறார். திரை உயரமான அலமாரியில் இருக்கிறது. முதுகுக்குப் பின்னால் ஜன்னல், முகத்துக்கு நேரே ஏசி.

முதலில் எழுத்தளவு. அவர் உட்காரும் இடத்திலிருந்து சிரமப்பட்டுப் படிக்க முடிகிற மிகச்சிறிய எழுத்து எதுவோ, அதைப்போல் ஏறத்தாழ மூன்று மடங்கு பெரிதாக வைக்க வேண்டும். கன்ட்ரோல் விசையை அழுத்தியபடி மவுஸ் சக்கரத்தை உருட்டினால் 130%, 140% என்று வளரும். எழுத்து பெரிதானதும் குனிய வேண்டியதில்லை. 60 சென்டிமீட்டருக்குப் பின்வாங்கலாம். அந்த ஒரு மாற்றமே லென்ஸ் தசையின் உழைப்பை மூன்றில் ஒரு பங்கு குறைக்கும்.

அடுத்து திரையின் உயரம். அண்ணாந்து பார்த்தால் இமை அகலத் திறந்து ஈரம் விரைவில் ஆவியாகும். திரையின் மேல்விளிம்பு கண் மட்டத்திலோ சற்றுக் கீழோ இருந்தால், பார்வை தாழ்ந்து இமை பாதி மூடியிருக்கும். ஏசிக் காற்றின் திசையையும் முகத்தை விட்டுத் திருப்ப வேண்டும்.

வெளிச்சத்துக்கு ஒரு சோதனை: திரையை அணைத்துப் பாருங்கள். கறுப்புக் கண்ணாடியில் ஜன்னலோ டியூப்லைட்டோ தெரிந்தால், அதே பிம்பம் வேலை நேரம் முழுக்க எழுத்தின்மேல் படிந்திருக்கிறது. நம் கணக்கர் மேசையைத் திருப்பி, ஜன்னலைப் பக்கவாட்டில் வைத்துக்கொள்ளலாம். திரைக்குப் பக்கத்தில் ஒரு வெள்ளைத் தாளை வையுங்கள். திரை விளக்குபோல் பளிச்சென்று தெரிந்தால் ஒளியைக் குறைக்கவும்; தாளைவிட மங்கியிருந்தால் கூட்டவும்.

இடைவேளைக்கு 20-20-20 என்றொரு கணக்கைச் சொல்வார்கள்: 20 நிமிடத்துக்கு ஒருமுறை, 20 அடிக்கு அப்பால், 20 நொடி பார்ப்பது. ஆறு மீட்டருக்கு அப்பால் பார்க்கும்போது அந்தத் தசைக்கு ஏறக்குறைய வேலையே இல்லை. 20 என்ற எண்ணில் மந்திரம் எதுவும் கிடையாது. எழுந்து ஒரு நிமிடம் ஜன்னல் வழியே பார்த்தால் இன்னும் நல்லது. ஆனால் அந்த நேரத்தில் கைப்பேசியை எடுத்தால் பயனில்லை, அது இன்னும் கிட்டத்தில் இருக்கிறது. அதே இடைவேளையில் மென்மையாக இமைகளை மூடி, இரண்டு நொடி நிறுத்தித் திறங்கள். பத்து முறை செய்தால் போதும். மேல் இமையும் கீழ் இமையும் தொடுவது முக்கியம்.

நீல ஒளியைத் தடுக்கும் கண்ணாடிக்குச் செலவழிக்கும் முன் ஒரு செய்தி: 2023-இல் வெளியான காக்ரேன் ஆய்வுத் தொகுப்பு, சாதாரண லென்ஸைவிட அது கண் களைப்பைக் குறைப்பதாகக் குறுகிய காலத்தில் சான்று காணவில்லை.

இரண்டு வாரம் இவற்றைச் செய்தும் மாற்றமில்லை என்றால் கண் பரிசோதனை அவசியம். நாற்பதைத் தாண்டியவருக்கு வெள்ளெழுத்து தொடங்கியிருக்கலாம். எவ்வளவு இமைத்தாலும் அதைக் கண்ணாடிதான் சரிசெய்யும். கடும் கண்வலி, திடீர்ப் பார்வைக் குறைவு, மின்னல்போல் ஒளிக்கீற்று இவற்றில் எது வந்தாலும் திரைமேல் பழி போட்டுக் காத்திருக்காமல் அன்றே கண் மருத்துவரிடம் போய்விட வேண்டும்.