21,000 என்றது மெஷின், 6,000 என்றது ஸ்லைடு

தலசீமியா உள்ள 19 வயதுப் பெண் ஒருவரை எடுத்துக்கொள்வோம். பல ஆண்டுகளாக ரத்தம் ஏற்றி வருகிறார். மண்ணீரலை அறுவை சிகிச்சையில் எடுத்தாயிற்று. அடிக்கடி ரத்தம் ஏற்றுவதால் உடலில் சேரும் இரும்பை வெளியேற்ற டெஃபெரிப்ரோன் மாத்திரை சாப்பிடுகிறார். வழக்கமான பரிசோதனையில் வெள்ளை அணுக்கள் 21,000 என்று வருகிறது. சாதாரணமாக 4,000 முதல் 11,000 வரை இருக்க வேண்டியது இது. பார்த்தவுடன், 'எங்கோ தொற்று இருக்கிறது, உடம்பு நன்றாகவே போராடுகிறது' என்றுதான் தோன்றும்.

ஆனால் அந்த 21,000-இல் பெரும்பகுதி வெள்ளை அணுவே அல்ல.

சிவப்பணு எலும்பு மஜ்ஜையில் உருவாகும்போது அதற்கு உட்கரு உண்டு. முதிர்ந்து ரத்தத்துக்கு வருமுன் அதை உதறிவிடும். தலசீமியாவில் மஜ்ஜை இரவுபகலாக உழைப்பதால், முதிராத சிவப்பணுக்கள் கருவோடு வெளியேறிவிடுகின்றன. அவற்றைப் பிடித்து வடிகட்டுவது மண்ணீரலின் வேலை; அதுவும் இல்லாதவருக்கு அவை ரத்தத்தில் குவிந்துகொண்டே போகும். பழைய வகை மெஷின்கள் சிவப்பணுக்களைத் திரவத்தால் கரைத்துவிட்டு, கரையாமல் மிஞ்சியவற்றை எண்ணுகின்றன. முதிராத சிவப்பணுவின் கரு கரையாது. அதனால் அதுவும் வெள்ளை அணுக் கணக்கில் ஏறிவிடுகிறது.

இதைப் பிரித்தறியும் வழி ஸ்லைடுதான். லீஷ்மன் சாயம் ஏற்றிய ஸ்லைடை மைக்ராஸ்கோப்பில் பார்க்கும் டெக்னீஷியன் நூறு வெள்ளை அணுக்களை வகைவாரியாக எண்ணுவார். வழியில் தென்படும் கருவுள்ள சிவப்பணுக்களை அந்த நூறில் சேர்க்காமல் தனியே குறித்துவைப்பார். சிறிய லிம்ஃபோசைட்டுக்கும் இதற்கும் தோற்றத்தில் ஒற்றுமை உண்டு. மைப்பொட்டு வைத்தாற்போல் அடர்ந்த வட்டக் கருவும், சுற்றிலும் சாம்பல் படர்ந்த இளஞ்சிவப்பும் இருந்தால் அது சிவப்பணு. லிம்ஃபோசைட்டின் ஓரம் வெளிர்நீலமாக இருக்கும்.

இந்தப் பெண்ணின் ஸ்லைடில் நூறு வெள்ளை அணுக்களுக்கு 250 கருவுள்ள சிவப்பணுக்கள் இருந்தன என்று வைத்துக்கொள்வோம். அப்படியானால் மெஷின் எண்ணிய ஒவ்வொரு 350-லும் 100 மட்டுமே உண்மையான வெள்ளை அணு. 21,000 × 100 ÷ 350 = 6,000. இதுதான் திருத்திய எண்ணிக்கை.

அடுத்த கணக்கு, கிருமியை எதிர்க்க முதலில் ஓடும் நியூட்ரோபில்கள் மொத்தம் எத்தனை என்பது. மருத்துவமனைகளில் இதை ஏ.என்.சி. என்பார்கள். ஸ்லைடில் முதிர்ந்த நியூட்ரோபில் 20 சதவீதம், பேண்ட் எனப்படும் இளம் நியூட்ரோபில் 2 சதவீதம். இரண்டும் சேர்த்து 22. எனவே 6,000-இல் 22 சதவீதம், அதாவது 1,320.

இந்தப் பெண்ணுக்கு அந்த எண் சாதாரணமானதல்ல. டெஃபெரிப்ரோன் சாப்பிடுவோரில் நூற்றுக்கு ஒன்றிரண்டு பேருக்கு நியூட்ரோபில் 500-க்கும் கீழே சரிந்துவிடும். அதனால்தான் ஏ.என்.சி. 1,500-க்குக் கீழே இறங்கினாலே மாத்திரையை நிறுத்தச் சொல்கிறார்கள். திருத்தாத 21,000-இல் 22 சதவீதம் பார்த்திருந்தால் 4,620 வந்திருக்கும். மாத்திரை தொடர்ந்திருக்கும். மண்ணீரலும் இல்லாத உடம்பில் நியூட்ரோபிலும் தீர்ந்துபோன பிறகு வரும் காய்ச்சல் சில மணி நேரத்தில் உயிருக்கு உலை வைக்கக்கூடியது.

தவறு எதிர்த்திசையிலும் நடக்கும், அது அவ்வளவாகப் பேசப்படுவதில்லை. சில மெஷின்கள் கருவுள்ள சிவப்பணுக்களை லிம்ஃபோசைட் என்று வகைப்படுத்திவிடும். அப்படி எல்லாமே லிம்ஃபோசைட்டில் சேர்ந்தால், இதே ரத்தத்தில் நியூட்ரோபில் ஏறக்குறைய 6 சதவீதம் என்றுதான் மெஷின் காட்டும். அந்த சதவீதத்தைத் திருத்திய 6,000-உடன் பெருக்கினால் ஏ.என்.சி. 400-ஐக்கூட எட்டாது, இல்லாத அபாயம் காகிதத்தில் வந்துவிடும். ஸ்லைடு சதவீதத்துக்குத் திருத்திய எண்ணிக்கைதான் ஜோடி. மெஷின் சதவீதத்தை அதோடு கலக்கவே கூடாது.

இன்னொரு வரம்பும் உண்டு. நூறு அணுக்களை மட்டும் எண்ணி 22 சதவீதம் என்றால், உண்மை அளவு ஏறத்தாழ 14-க்கும் 31-க்கும் இடையில் எங்கும் இருக்கலாம். ஏ.என்.சி.யாக மாற்றினால் 840 முதல் 1,860 வரை. மாத்திரையை நிறுத்துவதா தொடர்வதா என்ற முடிவு 1,500-ஐச் சுற்றி ஊசலாடும்போது இந்த இடைவெளி மிகப் பெரியது. 200 அணுக்களை எண்ணினால் இடைவெளி குறுகும். கருவுள்ள சிவப்பணுக்கள் நிறைந்த ஸ்லைடில் அதற்குக் கூடுதல் நேரம் பிடிக்கும். ஆனாலும் எண்ணத்தான் வேண்டும்.

புதிய மெஷின்கள் பல, ஒளிரும் சாயத்தின் உதவியால் கருவுள்ள சிவப்பணுக்களைத் தாமே பிரித்து, வெள்ளை அணு எண்ணிக்கையைத் திருத்தியே தருகின்றன. அது தெரியாமல் ஸ்லைடு பார்த்தவர் மறுபடி சூத்திரத்தைப் போட்டால் 6,000 சுமார் 1,700 ஆகிவிடும். ஆகவே ரிப்போர்ட்டில் கருவுள்ள சிவப்பணுக்கள் என்று ஒரு வரி கண்ணில் பட்டால், வெள்ளை அணு எண்ணிக்கை திருத்தியதா, திருத்தியது மெஷினா ஆளா என்று லேபில் கேட்டுக்கொள்வது நல்லது. பல லேப்கள் திருத்திய எண்ணுக்குப் பக்கத்திலேயே அதைக் குறிப்பிட்டுவிடுகின்றன. குறிப்பிடாத லேபும் கேட்டால் ஒரு நிமிடத்தில் சொல்லிவிட முடியும்.