ஒரு பாட்டில், இரண்டு லாபம்

1899-ல் அமெரிக்காவின் சட்டனூகாவைச் சேர்ந்த இரண்டு வக்கீல்கள் கோகோ கோலாவை பாட்டிலில் அடைத்து விற்கும் உரிமையை வெறும் ஒரு டாலருக்கு வாங்கினார்கள். அன்றிலிருந்து சிரப் தயாரிப்பது கம்பெனி. அடைத்து விற்பது ஊருக்கு ஒரு பாட்டில் ஆலை. அந்த ஊரில் வேறு யாரும் அதை விற்க முடியாது. மேலேயும் ஏகபோகம், கீழேயும் ஏகபோகம்.

இப்படிப் பிரிந்திருந்தால் விலை என்ன ஆகும்? ஒரு கற்பனைக் கணக்கு. ஒரு பாட்டிலுக்கு ஆகும் செலவு 20 சென்ட், அதை முழுவதும் கம்பெனியே ஏற்கிறது. 100 சென்ட் விலை வைத்தால் ஒருவரும் வாங்கமாட்டார். ஒவ்வொரு சென்ட் குறைக்கும்போதும் ஆயிரம் பாட்டில் கூடுதலாக விற்கும்.

கம்பெனி தனக்கு லாபம் அதிகம் வரும்படி ஆலைக்கு 60 சென்டுக்குக் கொடுக்கிறது. ஆலைக்காரருக்கு அந்த 60 தான் அசல். அவரும் கணக்குப் போட்டு 80 வைக்கிறார். 20,000 பாட்டில் விற்கிறது. கம்பெனிக்கு 8,000 டாலர், ஆலைக்கு 4,000, ஆக மொத்தம் 12,000.

ஆலைக்காரர் 70-க்கு இறக்கினால்? 30,000 பாட்டில் போகும், ஆனால் அவர் லாபம் 3,000 ஆகிவிடும். அதே நேரம் கம்பெனிக்கு 4,000 டாலர் கூடுதலாகக் கிடைக்கும். அடுத்தவர் கல்லாவில் விழும் பணத்துக்காக எந்த வியாபாரியும் தன் விலையைக் குறைப்பதில்லை. சிக்கல் முழுவதும் இங்கேதான். லாபத்தின் மேல் லாபம் ஏறும் இதைப் பொருளாதாரத்தில் ‘இரட்டை லாப விளிம்பு’ என்பார்கள். 1950-லேயே ஜோசப் ஸ்பெங்லர் இதை விளக்கி எழுதினார்.

இப்போது கம்பெனி ஆலையை வாங்கிவிடுகிறது என்று வையுங்கள். அசல் 60 அல்ல, உண்மையான 20. இரண்டு கல்லாவும் ஒன்று. விலையை 60 ஆக்கினால் 40,000 பாட்டில் விற்கும். லாபம் 16,000 டாலர். குடிப்பவருக்கு 20 சென்ட் மிச்சம், முதலாளிக்கு 4,000 டாலர் கூடுதல். ஏகபோகம் ஒழிந்துவிடவில்லை, போட்டி இருந்தால் விலை 20-ஐ நெருங்கியிருக்கும். இரண்டு தடவை சுரண்டியது ஒரு தடவையானது, அவ்வளவுதான்.

இணைப்புதான் ஒரே வழி என்றும் இல்லை. சிரப்பை அடக்கவிலைக்கே கொடுத்துவிட்டு, உரிமைக் கட்டணமாக ஒரு தொகையை மொத்தமாக வாங்கிக்கொண்டாலும் இதே 60-தான் வரும்.

2010-ல் பெப்சியும் கோகோ கோலாவும் வட அமெரிக்காவின் பெரிய பாட்டில் ஆலைகளை வாங்கின. விளைவை ஆராய்ந்த லுக்கோ, மார்ஷல் இருவரும் 2020-ல் வெளியிட்ட ஆய்வின்படி, சொந்தச் சரக்கின் விலை சற்றே இறங்கியது. ஆனால் அதே ஆலைகள் வேறு கம்பெனிக்காக அடைத்து விற்ற டாக்டர் பெப்பரின் விலை ஏறியது. அந்தப் பானத்தில் மட்டும் இரட்டை லாபம் அப்படியே இருந்தது. சொந்தச் சரக்கு லாபமாகிவிட்டதால், வாங்குபவரை அதன் பக்கம் தள்ளுவது ஆலைக்கு வசதியாகிவிட்டது.