அறுபது பக்கம், எட்டு ஸ்லைடு

இறுதியாண்டு ரிப்போர்ட்டை வைவாவுக்குச் சுருக்கச் சொன்னால், அத்தியாயத்துக்கு இரண்டு ஸ்லைடு என்று வெட்டி ஒட்டுவதுதான் மாணவர் வழக்கம். பத்து நிமிடத்தில் பாதி முன்னுரையிலும் லிட்டரேச்சர் சர்வேயிலும் கரைந்துவிடும். சொந்தச் சோதனைக்கு வரும்போது தேர்வாளர் கடிகாரத்தைப் பார்ப்பார். இங்கே பிழை வரிசையில் இருக்கிறது. ரிப்போர்ட் கேள்வியில் தொடங்கி விடைக்குப் போகும். அதையே கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பவரிடம் விடையை முதலில் வைத்து, ஆதாரத்தைப் பின்னால் காட்டுவதே பொருந்தும்.

சிவில் பிரிவில் அடிக்கடி வரும் ஒரு தலைப்பை எடுத்துக்கொள்வோம்: கான்கிரீட்டில் சிமெண்டின் ஒரு பகுதிக்குப் பதிலாக அனல்மின் நிலையத்து ஃப்ளை ஆஷ். 0, 10, 20, 30 சதவீதம் என நான்கு கலவை. ஒவ்வொன்றிலும் 7 நாள், 28 நாள் சோதனைக்கு மும்மூன்று க்யூப். ஆக 24 க்யூப். ரிப்போர்ட்டில் இவை பல அட்டவணைகள். ஸ்லைடில் ஒரே வரைபடம் போதும். தலைப்பில் ‘முடிவுகள்’ என்று போடாமல், ‘ஃப்ளை ஆஷ் கூடக்கூட 7 நாள் வலிமை குறைகிறது, 28 நாளில் அந்த இடைவெளி சுருங்குகிறது’ என்று வந்த முடிவையே எழுத வேண்டும். கல்லூரி கொடுத்த டெம்ப்ளேட் இதை அனுமதிக்காதே என்பார்கள். டெம்ப்ளேட் கேட்பது பகுதிகளின் பெயரை. அதை ஓரத்தில் சின்ன எழுத்தில் போட்டாலே போதும்.

காரணம் ஸ்லைடில் வேண்டாம், நோட்ஸில் இருக்கட்டும். சிமெண்ட் நீரோடு வினைபுரியும்போது வெளிவரும் கால்சியம் ஹைட்ராக்சைடுடன் சேர்ந்துதான் ஃப்ளை ஆஷ் இறுகும். அது மெதுவான வினை. நோட்ஸில் இதை முழுப் பத்தியாக எழுதினால் கண் அதிலேயே ஒட்டிக்கொண்டு, பேச்சு வாசிப்பாகிவிடும். ‘மெதுவான வினை — கா.ஹை. — பக்கம் 41 — மூன்று க்யூப் சராசரி’ என்ற நான்கு குறிப்பு போதும். பக்க எண் ஏன்? ‘ஒரு க்யூப் மட்டும் ஏன் இவ்வளவு விலகுகிறது?’ என்று கேட்டால், தேடாமல் அந்த அட்டவணையைத் திறக்கலாம். ஐ.எஸ். 456 தரும் வரம்பு, சராசரியிலிருந்து 15 சதவீதம் வரை. அதையும் பக்கத்திலேயே குறித்துவைப்பது நல்லது.

ஆங்கிலத்தில் சரளம் இல்லாதவருக்கு முழு உரை எழுதாமல் முடியாது என்ற ஆட்சேபம் நியாயமானது. அவர்கள் ஒவ்வொரு ஸ்லைடுக்கும் முதல் வாக்கியத்தையும், அடுத்த ஸ்லைடுக்குத் தாவும் வாக்கியத்தையும் மட்டும் முழுதாக எழுதலாம். பேச்சு தடுமாறுவது பெரும்பாலும் அந்த இரண்டு இடங்களில்தான். நடுவில் வரைபடமே பேச வைக்கும்.

ப்ரொஜெக்டரைச் செருகியதும் நோட்ஸ் காணாமல் போவதும் உண்டு. லேப்டாப்பிலும் திரையிலும் ஒரே படம் தெரிந்தால் அது Duplicate நிலை. விண்டோஸில் Win + P அழுத்தி Extend தேர்ந்தெடுத்தால் நோட்ஸ் லேப்டாப்பில் மட்டும் தெரியும். சில அரங்கங்களில் மாணவரின் லேப்டாப்பையே இணைக்க விடுவதில்லை. அதற்காக Notes Pages வடிவில் அச்சிட்ட எட்டுத் தாள் கையில் இருக்கட்டும்.