'கேஸ்' என்று எழுதினால் போதாது

மதுரையிலிருந்து கோவைக்கு வீடு மாறப்போகும் ஒரு குடும்பம். அவர்கள் நோட்டில் ஒரு பட்டியல் இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள்: கேஸ், டி.சி., அட்வான்ஸ், லாரி, இன்டர்நெட், பேங்க் அட்ரஸ், பழைய பீரோ, பழைய துணி, பால்காரர் கணக்கு. பத்து நாள் கழித்துப் பார்த்தால் பால் கணக்கும் பழைய துணியும் மட்டும் அடிக்கப்பட்டிருக்கும். மற்ற ஏழும் அப்படியே நிற்கும்.

ஆனால் அந்த ஏழும் ஒரே நிலையிலா இருக்கின்றன? லாரிக்கு இரண்டு பேரிடம் விலை கேட்டாயிற்று. டி.சி.க்கு மனு கொடுத்தாயிற்று. பேங்கை யாரும் நினைத்தே பார்க்கவில்லை. பட்டியலுக்கோ அடித்தது, அடிக்காதது என்ற இரண்டு நிலைதான் தெரியும். ஆரம்பித்துப் பாதியில் கிடக்கும் வேலையைச் சொல்ல அதில் இடமே இல்லை. வீட்டில் பாதி சண்டை அங்கிருந்துதான் வருகிறது: "கேட்டீங்களா?" "கேட்டாச்சே!" "கேட்டு என்ன ஆச்சு?"

இந்தப் பாதி நிலைக்கு ஒரு பத்தி ஒதுக்குவதுதான் கான்பன் பலகை. பலகை என்றதும் பெரிதாக எண்ண வேண்டாம்; பீரோ கதவோ, ஃபிரிட்ஜ் கதவோ போதும். செய்ய வேண்டியது, செய்வது, முடிந்தது என்று மூன்று பத்தி. ஒட்டும் சீட்டு ஒன்றுக்கு ஒரு வேலை. வேலை நகர நகர சீட்டும் இடமிருந்து வலமாக நகரும். போனில் வேண்டுமென்றால் Trello மாதிரி செயலிகள் இதையே திரையில் காட்டுகின்றன.

முறை பிறந்த இடம் ஜப்பானின் டொயோட்டா கார் ஆலை. அமெரிக்க சூப்பர் மார்க்கெட்டில் வாடிக்கையாளர் எடுத்த அளவுக்கு மட்டும் அலமாரியை நிரப்புகிறார்களே, அதே போல் பாகங்களையும் தயாரிக்கலாமே என்று யோசித்தவர் அங்கே பொறியாளராக இருந்த டாயிச்சி ஓனோ. அடுத்த பிரிவு பாகத்தை எடுத்துக்கொண்டதும் அட்டை திரும்பி வரும். அட்டை வந்தால்தான் முந்தின பிரிவு அடுத்ததைச் செய்யலாம். ஆகவே ஆலையில் எத்தனை அட்டை சுற்றுகிறதோ, அதற்கு மேல் சரக்கு குவியாது. 2000-களில் டேவிட் ஆண்டர்சன் போன்றவர்கள் இதை மென்பொருள் வேலைக்குக் கொண்டுவந்தார்கள். ஜிம் பென்சனும் டோனியான் டிமாரியா பாரியும் 2011-இல் தனிமனித வேலைகளுக்காகவே இதைப் பற்றிப் புத்தகம் எழுதினார்கள்.

இனி நோட்டுக்கு வருவோம். ஒன்பது வரியையும் அப்படியே ஒன்பது சீட்டில் எழுதி ஒட்டினால் சுவர்தான் கலர் கலராகும். 'கேஸ்' என்ற சீட்டை எப்போது நகர்த்துவது? ஏஜென்சிக்குப் போன் செய்தபோதா, சிலிண்டரை ஒப்படைத்தபோதா, கோவையில் அடுப்பு எரிந்தபோதா? அந்த ஒரு சொல்லுக்குள் நாலு வேலை ஒளிந்திருக்கிறது. வேறு ஊருக்குப் போகும்போது சிலிண்டரையும் ரெகுலேட்டரையும் பழைய ஏஜென்சியில் ஒப்படைத்து, வைப்புத்தொகையையும் இணைப்பை முடித்ததற்கான சீட்டையும் வாங்கி, அந்தச் சீட்டைக் காட்டிப் புது ஊரில் இணைப்பு எடுப்பது வழக்கமான முறை. ஆகவே அட்டைகள் இப்படி ஆகும்: 'கேஸ் புக் தேடு', 'சிலிண்டர் ஒப்படை', 'கோவை ஏஜென்சி விசாரி', 'புது கேஸ் எடு'.

நாலும் இரண்டு மூன்று சொல்தான். ஒவ்வொன்றின் கடைசியிலும் ஒரு வினை. வினை இல்லாத தலைப்பு எந்த வேலையையும் சொல்வதில்லை. 'அட்வான்ஸ்' என்றால் கேட்பதா, வாங்குவதா, பேங்கில் போடுவதா? 'அட்வான்ஸ் தேதி கேள்' என்றால் ஒரு போன் பேச்சில் முடிந்துபோகும். சுருக்கமாக எழுதச் சொல்வதற்கு இன்னொரு காரணமும் உண்டு. தமிழில் வினை கடைசியில் வரும். 'கோவையில் புது வீட்டுக்கு இன்டர்நெட் கனெக்‌ஷன் சம்பந்தமாக விசாரி' என்று எழுதினால் போன் திரையில் பாதியோடு நின்றுவிடும், வெட்டுப்படுவது வினைதான். 'இன்டர்நெட் விசாரி' போதும். போன் நம்பர், தொகை, முகவரி எல்லாம் சீட்டின் பின்பக்கம். தலைப்பை இப்படிச் சுருக்க முடியாமல் 'மற்றும்' என்று நீண்டால், அது இரண்டு அட்டை.

அடுத்தது நடுப் பத்தி. இந்த முறையின் உயிர் இங்கேதான் இருக்கிறது, எல்லோரும் கோட்டைவிடுவதும் இங்கேதான். ஓனோவின் ஆலையில் அட்டைகளுக்கு ஒரு கணக்கு இருந்தது போல, 'செய்வது' பத்திக்கும் ஒரு கணக்கு வேண்டும். ஒருவருக்கு மூன்று அட்டை என்று வைத்துக்கொள்ளலாம். பத்தியின் தலையிலேயே '3' என்று எழுதிவிடுங்கள். நாலாவதைக் கொண்டுவர வேண்டுமானால் மூன்றில் ஒன்று முடிய வேண்டும், அல்லது திரும்பப் போக வேண்டும். இந்த வரம்பு இல்லாவிட்டால் முதல் வாரத்திலேயே பதினைந்து சீட்டு நடுவில் வந்து உட்கார்ந்துகொள்ளும். பழைய நோட்டுதான் சுவரில் ஏறியிருக்கிறது என்று அர்த்தம்.

வரம்பு வைத்ததும் ஒரு சிக்கல் வரும். வீட்டுக்காரரிடம் அட்வான்ஸ் கேட்டாயிற்று. "காலி பண்ணிட்டுச் சாவி குடுங்க, ரெண்டு நாள்ல தர்றேன்" என்கிறார். இப்போது அந்த அட்டை எங்கே இருக்க வேண்டும்? நடுவிலேயே விட்டால் மூன்றில் ஒரு இடத்தை ஒரு மாதத்துக்கு அடைத்துக்கொள்ளும். சிலர் 'காத்திருப்பது' என்று நாலாவது பத்தி போடுகிறார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. அது சீக்கிரமே யாரும் எட்டிப் பார்க்காத பரண் ஆகிவிடும். நம் பக்கத்து வேலை முடிந்தது, அதனால் 'அட்வான்ஸ் தேதி கேள்' முடிந்தவற்றுக்குப் போகட்டும். 'அட்வான்ஸ் வாங்கு' என்று புது அட்டை எழுதி, ஓரத்தில் தேதி குறித்து, முதல் பத்தியில் ஒட்டுங்கள். டி.சி.யும் அப்படித்தான்: 'டி.சி. மனு கொடு' முடிந்தது, 'டி.சி. வாங்கு' பள்ளிக்கூடம் சொன்ன தேதியோடு காத்திருக்கும்.

பலகை சரியாக ஓடுகிறதா என்று தெரிந்துகொள்ள ஒரு எளிய வழி உண்டு. நடுப் பத்தியில் ஒரு அட்டை தங்கும் ஒவ்வொரு இரவும் அதில் பென்சிலால் ஒரு புள்ளி வையுங்கள். வீட்டு வேலைக்கு மூன்று புள்ளி விழுந்தால் அந்த அட்டையை எடுத்துப் பார்க்க வேண்டும். 'பீரோ விற்பனை செய்' நாலு நாளாக நிற்கிறது என்றால் அநேகமாக அது இன்னும் உடைக்கப்படாத வேலை: 'பீரோ படம் எடு', 'பழைய சாமான் கடை விசாரி'. உடைத்தும் நகரவில்லை என்றால், யாருக்கும் அதை விற்க மனசில்லை. லாரியில் ஏற்றிக்கொண்டு போய்விடலாம், அட்டையைக் கிழித்துவிடலாம்.

முடிந்தவற்றை உடனே குப்பையில் போடாமல் ஒரு வாரம் வைத்திருந்து ஞாயிற்றுக்கிழமை கழிக்கலாம். "டி.சி. மனு என்னிக்குக் குடுத்தோம்?" என்று கேட்டால் பதில் சுவரில் இருக்கும், சீட்டில் தேதி போட்டிருந்தால்.

எல்லாவற்றையும் பலகையில் ஏற்ற வேண்டியதில்லை. பால் வாங்குவது, மாத்திரை போடுவது போன்ற தினசரி வேலைகளுக்கு அட்டை போட்டால் மற்றவை கண்ணில் படாது. 'லாரி ஆர்டர் கொடு' என்பது அட்டை. 12-ஆம் தேதி காலை 6 மணிக்கு லாரி வரும் என்பது காலண்டருக்கு உரியது. அதை அங்கேயே குறித்துக்கொள்ளுங்கள்.