இரண்டாவது ஞாயிற்றுக்கிழமையின் விலை

தர்மபுரி மாவட்டத்துப் பிள்ளைகள் ஓசூருக்கும் பெங்களூருக்கும் வேலைக்குப் போகும்போது பெரும்பாலும் மனதில் ஒரு தொகையோடுதான் போகிறார்கள். அது போர்வெல் போடவோ, நாலு மாடும் கொட்டகையும் வைக்கவோ, சொந்த வண்டி வாங்கவோ தேவைப்படும் பணமாக இருக்கும். அந்தத் தொகை சேர்ந்துவிட்டால் ஊரில் யாருக்கும் கைகட்டாமல் பிழைக்கலாம். சீக்கிரம் சேர்க்கும் வேகத்தில், சேருவதற்கு முன்பே ஆள் தீர்ந்துபோவதும் நடக்கிறது. இதைக் கணக்குப் போட்டே பார்த்துவிடலாம்.

பாலக்கோட்டிலிருந்து ஓசூர் கம்பெனி ஒன்றுக்குப் போன இளைஞர் ஒருவர் இருப்பதாக வைத்துக்கொள்வோம். கைக்கு வருவது 20,000 ரூபாய். அறை வாடகை, சாப்பாடு, வீட்டுக்கு அனுப்புவது எல்லாம் போக 10,000 ரூபாயை அஞ்சலகத் தொடர் வைப்பில் போடுகிறார். 6.7 சதவீத வட்டியில் 60 மாதத்தில் அது சுமார் 7 லட்சத்து 13 ஆயிரமாகும். அவருக்குத் தேவையானதும் அதுதான்.

ஞாயிற்றுக்கிழமை ஓ.டி. பார்த்தால் இரட்டைக் கூலி. ஒரு ஞாயிறுக்கு ஏறக்குறைய 1,500 ரூபாய் கூடுதலாகக் கிடைக்கும். மாதம் இரண்டு ஞாயிறு பார்த்து 13,000 சேமித்தால், அதே வட்டியில் 48 மாதத்தில் இலக்கு வந்துவிடும். முழுதாக ஒரு வருடம் மிச்சம். இதை யாரும் லேசாக ஒதுக்கிவிட முடியாது. உடம்பும் மனசும் தாங்கினால் இது நல்ல பேரம்தான்.

தாங்காவிட்டால் என்ன ஆகும்? முப்பதாவது மாதத்தில் முடியாமல் வேலையை விட்டு, மூன்று மாதம் வீட்டில் இருக்கிறார். சேமிப்பிலிருந்து 30,000 கரைகிறது, புதிதாக எதுவும் சேரவில்லை. திரும்பி வந்தபின் ஓ.டி. வேண்டாம் என்று 10,000 மட்டும் போடுகிறார். இப்போது இலக்கைத் தொட 57 மாதம் ஆகிவிடும். இரண்டரை வருடத்து ஞாயிறுகளைக் கொடுத்து அவர் வாங்கியது மூன்று மாதம்தான்.

மாதம் ஒரே ஒரு ஞாயிறு மட்டும் ஓ.டி. பார்த்து 11,500 போட்டால் சுமார் 53 மாதத்தில் முடியும். ஆக, முதல் ஞாயிறு ஏழு மாதத்தை மிச்சப்படுத்துகிறது. இரண்டாவது ஞாயிறு கூடுதலாகத் தருவது ஐந்து மாதத்துக்குச் சற்று மேல். கூலி ஒன்றுதான், ஆனால் அது வாங்கித் தரும் காலம் குறைந்துகொண்டே போகிறது. உடம்பு கொடுக்கும் விலையோ கூடிக்கொண்டே போகிறது. வாரம் 55 மணி நேரமோ அதற்கு மேலோ உழைப்பவர்களுக்குப் பக்கவாத ஆபத்து, 35–40 மணி நேரம் உழைப்பவர்களைவிட 35 சதவீதம் அதிகம் என்று உலக சுகாதார நிறுவனமும் பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பும் 2021இல் வெளியிட்ட ஆய்வு சொல்கிறது. அதனால் இரண்டாவது ஞாயிறை விட்டுவிடுங்கள் என்பதே என் கருத்து.

தீர்ந்துபோவதற்கு முன் அறிகுறி தெரியும். உலக சுகாதார நிறுவனம் 2019இல் மூன்று அறிகுறிகளைச் சொன்னது: தீராத களைப்பு, வேலைமேல் வெறுப்பு, செய்யும் வேலையில் திறன் குறைவது. நடைமுறையில், லீவு நாள் முழுக்கத் தூங்கி எழுந்தும் அசதி போகாது. அம்மாவின் போனை எடுக்கவே எரிச்சல் வரும். கைவந்த வேலையில் பிசகு விழ ஆரம்பிக்கும். இப்படி வாரக்கணக்கில் நீடித்தால் அந்த மாதமே ஓ.டி.யை நிறுத்த வேண்டும்.

நிறுத்துவதற்குக் கையில் பணம் இருக்க வேண்டும் என்பதுதான் சிக்கல். அஞ்சலகத் தொடர் வைப்பை மூன்று வருடத்துக்கு முன் முடித்துக்கொள்ள முடியாது. அதன் பிறகு முடித்தாலும் சேமிப்புக் கணக்கு வட்டிதான் கிடைக்கும். பன்னிரண்டு தவணை கட்டியபின் இருப்பில் பாதிவரை கடன் வாங்கலாம், ஆனால் வட்டி இரண்டு சதவீதம் கூட. அதனால் 11,500 முழுவதையும் ஒரே கணக்கில் பூட்டாமல், 9,000 மட்டும் தொடர் வைப்பில் போட்டு, மீதி 2,500ஐ எடுக்கக்கூடிய சேமிப்புக் கணக்கில் வைப்பது நல்லது. வட்டி சற்றுக் குறையும். ஆனால் இரண்டு வருடத்தில் 60,000 ரூபாய், அதாவது ஆறு மாதச் செலவுக்கான பணம், கையில் நிற்கும். சூப்பர்வைசரிடம் "இந்த ஞாயிறு வர முடியாதுங்க" என்று சொல்லும் தைரியம் இந்தப் பணத்திலிருந்துதான் வரும். ஏழு லட்சம் சேர்ந்தபின் கிடைக்கும் என்று நினைத்த சுதந்திரத்தில் ஒரு பங்கு இரண்டாவது வருடமே கிடைத்துவிடுகிறது.

இன்றைய சந்தோஷத்துக்கான செலவையும் இதே கண்டிப்போடு ஒதுக்க வேண்டும். மிச்சமிருந்தால் பார்க்கலாம் என்றால் மிஞ்சவே மிஞ்சாது. ஆடிப்பெருக்குக்கு ஒகேனக்கலில் குடும்பத்தோடு ஒரு நாள், ஊர் மாரியம்மன் பண்டிகை, மாதம் இரண்டு முறை பாலக்கோடு போய்வரும் செலவு ஆகியவற்றுக்குச் சம்பள நாளன்றே ஆயிரம் ரூபாய் தனியாக எடுத்துவையுங்கள். சேமிப்பில் மாதம் ஆயிரம் குறைந்தால் ஐந்து வருட இலக்கு ஐந்தாறு மாதம் தள்ளும். அந்த விலை தெரிந்தே கொடுக்கலாம். அப்பா அம்மா நடமாட்டத்தோடு இருக்கும் வருடங்கள் இவைதான்.