கீழே இறங்கும் குமிழிகள்

டப்ளின் மதுக்கூடத்தில் கின்னஸ் ஸ்டவுட்டை ஊற்றியதும், கண்ணாடிக் கோப்பையின் ஓரத்தில் குமிழிகள் அருவிபோல் கீழே சரியும். குமிழி மேலே அல்லவா போக வேண்டும்?

போகிறது, கோப்பையின் நடுவில். கோப்பை மேலே அகன்றிருப்பதால், நேராக ஏறும் குமிழிகள் சாய்ந்த ஓரத்தை விட்டு விலகி நடுவில் நெருங்குகின்றன. அங்கே பீரும் சேர்ந்து மேலெழுந்து, ஓரம் வழியாகக் கீழே திரும்புகிறது. அந்த ஓட்டம் ஓரத்துச் சிறு குமிழிகளையும் இழுத்துச் செல்கிறது.

சாதாரண பீரில் இந்தக் காட்சி கிடைக்காது. அதிலுள்ள கார்பன் டை ஆக்சைடு நீரில் தாராளமாகக் கரையும். பெரிய குமிழிகளாக விரைந்தேறும், நாக்கில் சுருக்கென்று தைக்கும். நைட்ரஜனோ மிகக் குறைவாகவே கரையும். கணிதம் படித்த மைக்கேல் ஆஷ் 1959இல் இரண்டையும் கலந்து கின்னஸுக்குத் தந்தார். இன்றைய கலவையில் ஏறத்தாழ முக்கால் பங்கு நைட்ரஜன்.

குழாய்க்குள் இருக்கும் நுண்துளைத் தட்டின் வழியே பீர் அழுத்தத்தோடு பீய்ச்சப்படும்போது, நைட்ரஜன் பொடிக் குமிழிகளாகப் பிரிகிறது. காற்றிலும் நைட்ரஜனே மிகுதி என்பதால் அது நுரையை விட்டு எளிதில் வெளியேறாது. நுரை பாலாடைபோல் நிலைக்கிறது.

முக்கால் கோப்பை ஊற்றி, சுழற்சி அடங்கிய பிறகே மீதியை நிரப்புகிறார்கள்.