கல்லாவில் இருப்பதில் முதலாளியின் பங்கு எவ்வளவு?

தீபாவளி முடிந்த வாரம் மளிகைக் கடைக்காரரின் கல்லா நிறைந்திருக்கும். வீட்டுக்குப் பெரிதாக ஏதாவது வாங்கலாம் என்ற யோசனை வருவது அப்போதுதான். தை மாதம் மொத்த வியாபாரியிடம் தவணை கேட்டு நிற்பதற்கான காரணமும் பெரும்பாலும் அங்கேதான் தொடங்குகிறது.

ஒரு சிற்றூர் மளிகைக் கடையின் கணக்கைப் போட்டுப் பார்ப்போம். அந்த மாதம் விற்பனை 8 லட்சம், கொள்முதல் 6.60 லட்சம். மீதி 1.40 லட்சத்தில் வாடகை, சம்பளம், போனஸ் என்று 40,000 போனாலும் ஒரு லட்சம் லாபம் என்றே தோன்றும். ஆனால் மாதத் தொடக்கத்தில் கடையில் 4.50 லட்சத்துக்கு இருந்த சரக்கு, முடிவில் 4.06 லட்சமாக இறங்கிவிட்டது. அதாவது, கையில் இருக்கும் பணத்தில் 44,000 ரூபாய் பழைய முதல். அது மறுபடி மூட்டையாகவும் டின்னாகவும் கடைக்குள் வந்தாக வேண்டிய பணம். உண்மையான மொத்த லாபம் 96,000தான்.

ஆகவே மாதக் கடைசி இரவு ஷட்டரை இறக்கிய பிறகு சரக்கை எண்ணாமல் லாபத்தைச் சொல்ல முடியாது. அரிசி மூட்டை, பருப்பு, எண்ணெய் டின் ஆகியவற்றைத் துல்லியமாக எண்ணி, அலமாரிச் சாமான்களை ஓரளவு மதிப்பிட்டாலே போதும். எம்.ஆர்.பி. போட்டு மதிப்பிடக் கூடாது, வாங்கிய விலைதான் கணக்கு. தேதி முடிந்த பிஸ்கட்டுக்கு மதிப்பு பூஜ்யம்.

இதே கடையின் சாதாரண மாதத்தில் விற்பனை 6 லட்சம், மொத்த லாபம் 72,000. வாடகை 12,000, பையன் சம்பளம் 13,000, மின்கட்டணம் 4,000, ஏற்றுகூலி, கவர் வகையில் 3,500, வீணாவது 2,000, வங்கிக் கடன் வட்டி 1,500 என்று 36,000 கழியும். கடைக்காரர் ஜி.எஸ்.டி.யில் காம்போசிஷன் முறையில் இருக்கிறார். வாடிக்கையாளரிடம் வரி வசூலிக்க முடியாது. வரிக்கு உட்பட்ட விற்பனையில் 1 சதவீதத்தைத் தன் கையிலிருந்தே கட்ட வேண்டும். 4 லட்சம் விற்பனைக்கு 4,000. மிஞ்சுவது 32,000.

இது முழுவதும் அவருடையதா? இல்லை. கடன் அசல் 5,000 செலவுக் கணக்கில் வராது, ஆனால் மாதாமாதம் வெளியே போகும். என்றோ ஒரு நாள் மாற்ற வேண்டிய ஃப்ரிட்ஜுக்கு 2,000 ஒதுக்கட்டும். மீதி 25,000. கடன் நோட்டில் பாக்கி ஏறிக்கொண்டே போனால், ஏறிய தொகையும் இன்னும் கைக்கு வராத பணம்தான்.

வருமான வரியைப் பற்றி ஒரு தவறான எண்ணம் உண்டு. தனிநபர் உரிமைக் கடையில் முதலாளி தனக்கு எடுக்கும் பணம் சம்பளச் செலவு ஆகாது. குறைவாக எடுத்தாலும் கூடுதலாக எடுத்தாலும் வரி மாறாது. வரி லாபத்துக்கு. உத்தேச வருமான முறையில் ரொக்க விற்பனைக்கு 8 சதவீதமும், யுபிஐ, வங்கி வழி வந்ததற்கு 6 சதவீதமும் குறைந்தபட்ச லாபமாகக் காட்டுவார்கள். ஆண்டுக்கு சுமார் 71 லட்சம் விற்கும் இந்தக் கடைக்கு, பாதிக்குப் பாதி என்றால், அது 5 லட்சத்துக்குச் சற்றுக் குறைவாக வரும். வேறு வருமானம் இல்லையென்றால் 2025-26 முதல் புதிய முறையில் 12 லட்சம் வரை தள்ளுபடி இருப்பதால் வரி இல்லை. ரிட்டர்ன் மட்டும் போட வேண்டும்.

அப்படியானால் 25,000 எடுக்கலாமா? நான் 22,000 என்பேன். பள்ளிக் கட்டண நேரமான ஜூனில் விற்பனை 5.20 லட்சமாக இறங்கினால் செலவும் ஜி.எஸ்.டி.யும் போக நிற்பது 23,000க்கும் குறைவு. அசலும் ஒதுக்கீடும் போனால் 16,000கூடத் தேறாது. அந்தப் பள்ளத்தை நல்ல மாதங்களில் எடுக்காமல் விட்ட மூவாயிரங்களும் தீபாவளி மாத மிச்சமும்தான் நிரப்பும். இப்படி மந்தமான மாதங்கள் நான்கு வந்தாலும் ஆண்டுக் கணக்கு உதைக்காது.

இந்த 22,000 முழுவதும் ரொக்கமல்ல. வீட்டுக்குப் போகும் அரிசி, எண்ணெய், சோப்பை வாங்கிய விலைக்குத் தனி நோட்டில் எழுதினால் மாதம் 4,000 வந்து நிற்கும். மீதி 18,000ஐ 5ஆம் தேதி கடைக் கணக்கிலிருந்து வீட்டுக் கணக்குக்கு மாற்றிவிட வேண்டும். பிறகு கல்லாவில் கை வைக்கக் கூடாது. பிள்ளைக்கு டியூஷன் ஃபீஸ் என்றாலும் அந்த 18,000லிருந்துதான்.

தொகை அதிகமா என்று கடையே காட்டிக்கொடுக்கும். விற்பனை குறையாமலே சரக்கு மதிப்பு மூன்று மாதம் தொடர்ந்து இறங்கினால், மொத்த வியாபாரிக்குத் தரும் தேதி 7 நாளிலிருந்து 15க்குப் போனால், முதலாளி முதலைத் தின்கிறார் என்று அர்த்தம்.

இன்னொன்றையும் பார்க்க வேண்டும். மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு நான்கு மணி வரை கல்லாவில் உட்காருவது பெரும்பாலும் மனைவி. அவருக்கு எந்தக் கணக்கிலும் சம்பளம் இல்லை. அந்த நேரத்துக்கு ஆள் வைத்தால் 6,000 போகும் என்றால், 22,000இல் முதலாளியின் உழைப்புக்கு வருவது 16,000தான்.